முகத்துக்கு நாற்பது, முதுகுக்கு எழுபது: ‘தி ஐரிஷ்மேன்’ வயதுக்குறைப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

2019-இல் வந்த ‘தி ஐரிஷ்மேன்’ படத்தில் ஒரு மளிகைக்கடைக் காட்சி வரும். சின்ன மகள் பெகியைக் கடைக்காரர் தள்ளிவிட்டார் என்று தெரிந்ததும், ஃபிராங்க் ஷீரன் அவளையும் கூட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போகிறான். கடைக்காரரைத் தெருவுக்கு இழுத்துப்போட்டு உதைக்கிறான், கையை மிதிக்கிறான். மகள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். கதைப்படி ஃபிராங்குக்கு அப்போது முப்பதுகளில் ஏதோ ஒரு வயது. நடித்த ராபர்ட் டி நீரோவுக்குப் படப்பிடிப்பின்போது 74.

இந்தக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு, திரையில் டி நீரோவின் தலை வரும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பாருங்கள். நான் ஃபோனில் அப்படித்தான் பார்த்தேன். தலை மறைந்தவுடன் வயது தெரிந்துவிடுகிறது. இளைஞன் உதைத்தால் இடுப்பு திரும்பும், உடம்பின் பாரம் மொத்தமும் காலோடு முன்னால் போகும். இங்கே உதை முழங்காலுக்குக் கீழேதான் இருக்கிறது. உடம்பு பின்தங்கி, ஊன்றிய காலின் மேலேயே நின்றுகொள்கிறது. விழுந்துவிடக் கூடாது என்ற ஜாக்கிரதை ஒவ்வொரு அசைவிலும் இருக்கிறது. விரலை எடுத்தால், அந்த உடம்பின் மேலே கணினியில் இளமையாக்கிய, சுருக்கம் குறைந்த ஒரு முகம்.

படம் வந்தபோது இந்த ஒரு காட்சியைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ‘கிராஃபிக்ஸ் சரியில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டவர்கள் நிறைய. ஷாட்டில் கேமராவும் நடிகரும் அசைவதைக் கணினியில் பின்தொடரும் மேட்ச்மூவ் வேலையில் சில வருடங்கள் காலம் தள்ளியவன் என்ற முறையில் எனக்கு அந்த வரி உறுத்தியது. ஒரு நடிகரின் முகத்தை எடுத்து இன்னொரு முகத்துக்கு மாற்றும் வேலையில் இவ்வளவு பொறுமையாகச் செய்யப்பட்டது அதுவரை குறைவு. தப்பு வேறு இடத்தில் நடந்தது. அந்தத் தப்பும் முகம் நன்றாக வந்ததும் ஒரே காரணத்தால்தான்.

மார்க்கர் வேண்டாம், ஹெல்மெட் வேண்டாம்

வழக்கமான மோஷன் கேப்சர் எப்படி என்பதை முதலில் பார்த்துவிடலாம். நடிகர் உடம்போடு ஒட்டிய உடை போட்டுக்கொள்வார். மூட்டுக்கு மூட்டு, சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டப்பட்டிருக்கும். அவைதான் மார்க்கர். அறையைச் சுற்றி நிற்கும் கேமராக்களின் லென்ஸைச் சுற்றி அகச்சிவப்பு விளக்கு வளையம் இருக்கும். அந்த ஒளி மார்க்கரில் பட்டு, வந்த திசையிலேயே திரும்பும். கேமராவுக்கு மனிதன் தெரியமாட்டான், வெள்ளைப் புள்ளிகள்தான் தெரியும். ஒரே புள்ளியை இரண்டு கேமராவாவது பார்த்துவிட்டால் அது அறையில் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். புள்ளிகளை எலும்புக்கூட்டோடு இணைத்தால் நடை, திரும்பல், குனிதல் எல்லாம் கணினிப் பாத்திரத்துக்குப் போய்விடும். 2014-இல் வந்த ‘கோச்சடையான்’ படத்துக்கு ரஜினிகாந்த் நடித்துக்கொடுத்ததும் இந்த வகைதான்.

உடம்புக்கு இது போதும். முகத்துக்குப் போதாது, ஏனென்றால் முகத்தில் மூட்டே கிடையாது, எல்லாம் தோலும் தசையும். அதனால் முகம் முழுக்க மையால் புள்ளி குத்தி, தலையில் ஹெல்மெட் மாட்டி, அதிலிருந்து நீளும் கம்பியின் நுனியில் குட்டிக் கேமரா வைப்பார்கள். ‘அவதார்’ (2009) வந்த பிறகு இது பரவலாகிவிட்டது.

படத்தின் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸிக்கு இது ஒத்துவரவில்லை. டி நீரோ, அல் பசினோ, ஜோ பெஷி மூன்று பேரும் எழுபதைத் தாண்டியவர்கள், ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து நடிப்பதில் ஊறியவர்கள். எதிரே இருப்பவர் மூக்குக்கு முன்னால் கேமரா ஆடிக்கொண்டிருந்தால் அந்த நடிப்பு வராது என்பது அவர் கட்சி. மார்க்கர் வேண்டாம், ஹெல்மெட் வேண்டாம், தனி ஸ்டூடியோவில் பிறகு முகத்தை மட்டும் பதிவு செய்வதும் வேண்டாம். நடிப்பது செட்டிலேயே, அந்த உடையிலேயே, ஒளிப்பதிவாளர் ரோட்ரிகோ ப்ரியெட்டோ வைக்கும் வெளிச்சத்திலேயே நடக்க வேண்டும்.

இந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டவர் ஐ.எல்.எம். நிறுவனத்தின் விஷுவல் எஃபெக்ட்ஸ் மேற்பார்வையாளர் பாப்லோ ஹெல்மன். 2015-இல் தைவானில் ஸ்கோர்செஸியின் ‘சைலன்ஸ்’ படப்பிடிப்பின்போது தொடங்கிய பேச்சு இது. அந்த வருடமே ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். ‘குட்ஃபெல்லாஸ்’ படத்தில் புதிதாக வாங்கிய பிங்க் நிறக் காருக்காக டி நீரோ கோபப்படும் காட்சி உண்டு. அதையே அவரை மறுபடி நடிக்கச் சொல்லி, முகத்தை 1990-க்குக் கொண்டுபோனார்கள். சோதனைக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. இளைய முகத்தின் அசல் கையில் இருக்கிறது, பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம், சாக்குச் சொல்ல முடியாது.

மூன்று தலைக் கேமரா

மார்க்கர் இல்லாமல் முகத்தின் வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், அந்த முகத்தை நன்றாகப் பார்க்க வேண்டும். சிக்கல் இங்கே தொடங்குகிறது. ப்ரியெட்டோவின் வெளிச்சம் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் இருட்டு. ரசிகனுக்கு அது அழகு. மென்பொருளுக்கு முகத்தில் பாதியைக் காணோம்.

அதற்குக் கண்டுபிடித்த வழிதான் செட்டில் ‘மூன்று தலை அரக்கன்’ என்று பெயர் வாங்கிய ரிக். நடுவில் படம் எடுக்கும் அசல் கேமரா, ரெட் ஹீலியம். அதன் இரு பக்கமும் சாட்சிக்கு நிற்பது போல இரண்டு அலெக்ஸா மினி. அந்த இரண்டையும் அகச்சிவப்பைப் பதிவு செய்யும்படி மாற்றியிருந்தார்கள். லென்ஸைச் சுற்றி அகச்சிவப்பு விளக்கு வளையம். மோஷன் கேப்சர் அறையில் பார்த்த அதே ஏற்பாடுதான், மார்க்கர் மட்டும் இல்லை. அகச்சிவப்பு மனிதக் கண்ணுக்கும் தெரியாது, நடுக் கேமராவுக்கும் தெரியாது. ஆனால் பக்கத்துக் கேமராக்களுக்கு நடிகரின் முகம் நிழலே இல்லாமல், பட்டப்பகலில் நேராக வெளிச்சம் அடித்தது போலத் தெரியும். ஒரே நொடியில் ஒரே முகத்தின் மூன்று படங்கள் கிடைக்கின்றன. ஒன்றில் ஒளிப்பதிவாளரின் வெளிச்சம், மற்ற இரண்டில் தட்டையான வெளிச்சம், மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் விலகிய கோணத்தில். இரண்டு கண்ணால் பார்க்கும்போது நமக்கு ஆழம் தெரிவது போல, கோணங்களின் வித்தியாசத்திலிருந்து மூக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறது, கன்னம் எவ்வளவு உப்புகிறது என்பது கிடைக்கும்.

மூன்றின் ஷட்டரும் ஒரே கணத்தில் திறந்து மூட வேண்டும். கண் இமைக்க ஆகும் நேரத்தில் இமை எவ்வளவோ தூரம் போய்விடும். கேமராக்கள் கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் மூன்றும் மூன்று வேறு முகங்களைத்தான் பார்க்கும். இன்னொரு தொல்லை பழைய காலத்து விளக்குகள். கதை 1950-களிலும் நடக்கிறது, செட்டில் குண்டு பல்பு இருந்தே தீரும். அது வெளிச்சத்தைவிட வெப்பத்தைத்தான் அதிகம் கக்கும், அதில் பெரும்பகுதி அகச்சிவப்பு. கவனிக்காமல் விட்டால் பக்கத்துக் கேமராவில் அந்தப் பல்பு சூரியனாகத் தெரிந்து, தட்டையாக இருக்க வேண்டிய முகத்தில் புதிதாக ஒரு நிழலை விழவைத்துவிடும்.

சாட்சிக் கேமராக்கள் வடிவத்தைக் கொடுத்துவிட்டன. வெளிச்சத்தையும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஒவ்வொரு செட்டையும் லேசர் ஸ்கேன் செய்தார்கள். எந்த விளக்கு எங்கே, எந்த நிறத்தில், எவ்வளவு பிரகாசமாக எரிந்தது என்பதற்கு, வெளிச்சம் கூட்டியும் குறைத்தும் சுற்றிலும் எடுத்த படங்கள். கணினிக்குள் அந்த அறையை அதே விளக்குகளோடு மறுபடி கட்ட வேண்டும் அல்லவா, அதற்கு.

ஒரு இடைச்செருகல். வயதைக் குறைக்கத் தேவையில்லாத காட்சிகளை ஸ்கோர்செஸி ஃபிலிமில் எடுத்தார். குறைக்க வேண்டியவை இந்த டிஜிட்டல் ரிக்கில். இரண்டும் ஒரே படமாகத் தெரிய, ப்ரியெட்டோ ஐம்பதுகளுக்கு கோடாக்ரோம் நிறம், அறுபதுகளுக்கு எக்டாக்ரோம் நிறம் என்று தனித்தனியாக வண்ணம் அமைத்தார். ஐ.எல்.எம். செய்யும் முகம் அந்த நிறத்துக்கும் பொருந்தியாக வேண்டும்.

முதலில் கிழவர், அப்புறம்தான் இளைஞர்

பலர் நினைப்பது, சுருக்கத்தை அழித்தால் இளமை வந்துவிடும் என்று. இந்தப் படத்தில் அசலில் உள்ள முகம் ஷாட்டிலிருந்து போய், அதன் இடத்தில் முழுவதும் கணினியில் செய்த முகம் உட்காருகிறது. அந்த முகத்தைச் செய்ய முதலில் தேவைப்படுவது 74 வயதுக்காரரின் துல்லியமான மாடல்.

படப்பிடிப்புக்கு முன்பே நடிகர்களை ‘லைட் ஸ்டேஜ்’ என்ற உருண்டைக் கூண்டுக்குள் உட்காரவைத்தார்கள். சுற்றிலும் நூற்றுக்கணக்கான விளக்குகள், பல திசையிலிருந்து மாறி மாறி எரியும். தோலின் துளை வரை, எங்கே எண்ணெய் மினுக்குகிறது, எங்கே வெளிச்சம் தோலுக்குள் புகுந்து வருகிறது என்பதுவரை பதிவாகும். இன்னொரு கருவி ‘மெடூஸா’. அதன் எதிரே உட்கார்ந்து சிரிப்பது, முறைப்பது, புருவம் தூக்குவது, உதட்டைக் குவிப்பது என்று ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு வடிவம். இந்த வடிவங்களை வெவ்வேறு அளவில் கலந்தால் எந்த முகபாவமும் வரும் என்பது கணக்கு.

பின்பு செட்டில் எடுத்த ஷாட் வருகிறது. இங்கே வேலைக்கு வருவது ஐ.எல்.எம். இதற்கென்றே எழுதிய ‘ஃப்ளக்ஸ்’ என்ற மென்பொருள். அது செய்வதைச் சாதாரணமாகச் சொன்னால் இவ்வளவுதான்: 74 வயது டி நீரோ மாடலை, பதிவு செய்த அதே வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் வரைந்து பார்க்கிறது. கேமரா எடுத்த படத்தோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடுகிறது. வலது கன்னம் இரண்டு புள்ளி கருப்பாக இருக்கிறதா, அப்படியென்றால் கன்னம் இன்னும் கொஞ்சம் திரும்பியிருக்க வேண்டும். வடிவத்தை மாற்றுகிறது, மறுபடி வரைகிறது, மறுபடி ஒப்பிடுகிறது. வித்தியாசம் குறைந்துகொண்டே வந்து நின்றுபோகும்வரை இதுதான். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், ஒவ்வொன்றுக்கும் இதே வேலை. மார்க்கர் செய்ய வேண்டிய வேலையைத் தோலின் மச்சமும் துளையும் அதன்மேல் விழும் நிழலும் செய்கின்றன.

சரி, முடிவு சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? கணினி செய்த 74 வயது முகத்தை அசல் ஷாட்டின் மேலே வைத்து மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவே எதுவும் துடிக்கக் கூடாது. நடுக் கேமராவில் ஒத்துப்போய் பக்கத்துக் கேமராவில் உதடு விலகினால், ஆழம் தப்பு என்று அர்த்தம். இந்த இடத்தில் தப்பை விட்டுவிட்டால் அது அடுத்த கட்டத்துக்குப் போய் வேறு உருவத்தில் வரும், எங்கிருந்து வந்தது என்று தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நான் முன்பு இருந்த இடத்தில் ஒரு ஷாட்டில் ஹீரோ பேசும்போதெல்லாம் தாடை ஆடியது. தோல் ஆட்கள் மேல் பழி, அனிமேஷன் ஆட்கள் மேல் பழி என்று மூன்று நாள் போனது. கடைசியில் பார்த்தால் தலையைப் பின்தொடர்ந்த டிராக்கில் அரைப் புள்ளி நழுவல். என்னுடைய டிராக்தான்.

இமை என்ற சின்னத் தோல்

கிழவரின் முகம் கணினிக்குள் வந்துவிட்டது. அதன் அசைவை இளைய மாடலுக்கு மாற்றுவதுதான் ரீடார்கெட்டிங். நடிப்பு காப்பாற்றப்படுவதோ தொலைவதோ இங்கேதான், அதனால் கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

கண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வயதானால் மேல் இமைத் தோல் தொங்கிவிடும். விளக்கத்துக்காக நானே சில எண்களை வைக்கிறேன். சும்மா இருக்கும்போது கிழவரின் கண் திறந்திருக்கும் உயரம் 7 மில்லிமீட்டர். அதே ஆள் நாற்பதில் இருந்தபோது 10. இப்போது காட்சியில் கிழவர் ஒருவனை மிரட்டுகிறார். கண்ணை இடுக்கி 4 மில்லிமீட்டருக்குக் கொண்டுவருகிறார்.

முதல் வழி, வித்தியாசத்தை மாற்றுவது. அவர் 3 மில்லிமீட்டர் குறைத்தார், இளைஞனுக்கும் 3 குறைத்தால் 7. ஆனால் 7 என்பது சும்மா இருக்கும் கிழவரின் கண். இடுக்கிய கண்ணாகவே தெரியாது, மிரட்டல் போயே போய்விட்டது. இரண்டாவது வழி, அளவை அப்படியே மாற்றுவது. இளைஞனுக்கும் 4. இந்த ஃபிரேமில் மிரட்டல் அப்படியே இருக்கிறது. ஆனால் இதே விதிப்படி சும்மா இருக்கும்போது இளைஞனின் கண்ணும் 7-இல் நிற்கும், படம் முழுக்கத் தூங்கி விழுகிற ஆள் போல இருப்பான். மூன்றாவது வழி, விகிதம். ஏழில் நான்கு பங்கு என்றால் இளைஞனுக்கு 5.7 வரும். மிரட்டல் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் மங்கிப்போய்.

எந்த விதியும் எல்லா இடத்திலும் சரியாக வராது. சும்மா இருக்கும் இடத்தில் ஒன்று, உச்சத்தில் இன்னொன்று என்று கலக்க வேண்டும், எவ்வளவு கலப்பது என்பதை நடிகரை நன்றாகப் பார்த்த கண்தான் சொல்ல வேண்டும். ஹெல்மன் குழு ஃபிரேம் ஃபிரேமாக அனிமேட்டர் கையால் பாவம் வரைவதை ஒதுக்கிவைத்தது, நடிகர் கொடுத்ததே போகட்டும் என்று. ஆகவே இந்த முடிவுகளை எல்லாம் மாடலிலும் அதன் வடிவங்களிலும்தான் எடுக்க வேண்டியிருந்தது. இமைக்கு ஒன்று, வாயோரத்துக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று என்று.

இன்னொரு கஷ்டம், சுருக்கமே ஒரு பேச்சு. கிழவர் முகத்தில் புருவம் அரை மில்லிமீட்டர் ஏறினாலும் நெற்றியில் நாலு கோடு ஓடும், அவருடைய தயக்கத்தைப் பார்ப்பவர் அந்தக் கோட்டில்தான் படிப்பார். இளைய நெற்றியில் அதே அரை மில்லிமீட்டர் ஏறினால் ஒன்றும் தெரியாது. அசைவு துல்லியமாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் அதைக் காட்டிக்கொடுத்த கோடுகள் இல்லை. ‘போடாக்ஸ் போட்ட மாதிரி’ என்று இந்தப் படத்தைப் பற்றிச் சொன்னவர்கள் பார்த்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

பார்க்கிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. இப்படி ஒரு ஷாட் உறுத்தினால் வீடியோவை நிறுத்திப் பாருங்கள். நின்ற படம் நன்றாக இருந்து ஓடும்போது மட்டும் உறுத்தினால் பெரும்பாலும் அசைவு மாற்றத்தில் கோளாறு. நின்ற படமே மெழுகு மாதிரி இருந்தால் தோலிலோ வெளிச்சத்திலோ கோளாறு. ‘ஐரிஷ்மேன்’ ஷாட்களை நிறுத்திப் பார்த்தால் பெரும்பாலானவை தப்பிவிடும்.

சாயலைச் சரிபார்க்கவும் ஒரு வழி வைத்திருந்தார்கள். நடிகர்களின் பழைய படங்களிலிருந்து ஏராளமான ஃபிரேம்களைத் திரட்டி, செய்து முடித்த முகத்தின் அதே கோணத்தில், அதே மாதிரி வெளிச்சத்தில் உள்ள பழைய ஃபிரேம்களை மென்பொருளே தேடி எடுத்துக் காட்டும்படி செய்தார்கள். ஆனால் எழுபதுகளின் டி நீரோவைத் திரும்பக் கொண்டுவருவது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. அந்த இளைஞர் ஒல்லி. ஃபிராங்க் ஷீரன் நிஜத்தில் ஆறடிக்கு மேல் உயரம், லாரி ஓட்டிய கட்டுமஸ்தான ஆள். திரையில் வரவேண்டியது இளமையில் இருந்த ஃபிராங்க். ‘டி நீரோ சின்ன வயதில் இப்படி இல்லையே’ என்று குறை சொன்னவர்கள் பார்த்தது சரிதான், குறைதான் தப்பு.

உடம்பு எங்கே போனது

இப்போது மளிகைக்கடைக்குத் திரும்புவோம். 2008-இல் வந்த ‘பெஞ்சமின் பட்டன்’ படத்தை ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். அதில் வேலை தலைகீழ், பிராட் பிட்டைக் கிழவராக்க வேண்டும். டிஜிட்டல் டொமைன் நிறுவனம் செய்தது. சிறிய உருவம் கொண்ட வேறு நடிகர்கள் நீல முக்காடு போட்டுச் செட்டில் நடித்தார்கள். அவர்கள் தலை இருந்த இடத்தில் கணினித் தலை வந்தது. பிட் பிற்பாடு தனியாக உட்கார்ந்து, எடுத்த காட்சியைப் பார்த்துக்கொண்டே முகத்தை மட்டும் நடித்துக்கொடுத்தார். உடம்பு ஒருவருடையது, முகம் ஒருவருடையது. அதனால் பாத்திரத்தின் வயதுக்கு ஏற்ற உடம்பைத் தேடி எடுத்துக்கொள்ள முடிந்தது.

ஸ்கோர்செஸியின் நிபந்தனை இந்த வசதியை அடைத்துவிட்டது. முகமும் உடம்பும் ஒரே ஆளுடையது, ஒரே கணத்தில், ஒரே டேக்கில். டி நீரோவும் பெஷியும் மேசைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உட்கார்ந்து ரொட்டியை ஒயினில் தோய்த்துச் சாப்பிடும் காட்சிகள் இதனால்தான் உயிரோடு இருக்கின்றன. அங்கே உடம்பு மேசைக்கு அடியில். ஆனால் எழுந்து, நடந்து, உதைக்க வேண்டும் என்று வரும்போது 74 வயது இடுப்பும் முழங்காலும்தான் வரும். முகத்துக்கு ஃப்ளக்ஸ் இருந்தது. உடம்பின் அசைவை நாற்பதுக்கு மாற்ற எதுவும் இல்லை.

இது குழுவுக்குத் தெரியாமல் இல்லை. நடை, நிற்பு, உட்காரும் விதம் இவற்றைச் சொல்லித்தர ஒரு பயிற்சியாளரைச் செட்டில் வைத்திருந்தார்கள். பசினோ நாற்காலியிலிருந்து கோபமாக எழ வேண்டிய ஒரு காட்சியைப் பற்றி அவர்களே சொல்லியிருக்கிறார்கள். டேக் நன்றாக வந்தது, ஆனால் எழுந்தவர் 49 வயதுக்காரர் போல எழவில்லை, மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. நாற்காலியிலிருந்து எழுவதை நான்கு முறை எடுக்கலாம். ஒருவனை இழுத்துப்போட்டு உதைப்பதை எவ்வளவு எடுத்தாலும் முதுகெலும்பு வளைகிற அளவுக்குத்தான் வளையும்.

ஏன் தொழில்நுட்பத்தால் உடம்பையும் மாற்றவில்லை என்று கேட்கலாம். முகத்தை மாற்றும்போது இடம் மாறுவது சில மில்லிமீட்டர்தான். நடையை மாற்றினால் காலடி விழும் இடமே மாறும், நேரம் மாறும், உடையின் மடிப்பு, தரையின் நிழல், அடி வாங்குபவர் தெறிக்கும் கணம் எல்லாம் மாறும். அப்புறம் அந்த ஷாட்டில் நடிகரிடமிருந்து எடுத்தது என்று எதுவும் மிச்சமிருக்காது. இந்த ஷாட்டுக்கு மட்டும் இளைய டூப் ஒருவரை உதைக்கவைத்து, அவர் தலையில் முகத்தை வைத்திருக்கலாம். தூரத்திலிருந்து பார்க்கும் ஷாட், முகம் சின்னதாகத்தான் தெரியும், உடம்புதான் எல்லாம் சொல்கிறது. இந்த ஒரு இடத்தில் நிபந்தனையைத் தளர்த்தியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. சுமார் 1,750 எஃபெக்ட்ஸ் ஷாட்கள் உள்ள படத்தில் அந்த ஒன்றில் மட்டும்.

படம் வந்த கொஞ்ச நாளிலேயே இலவச மென்பொருளை வைத்து இதே ஷாட்களைச் செய்து யூடியூபில் போட்டார்கள். ‘அத்தனை பணம் கொட்டியதைவிட இது மேல்’ என்று கைதட்டல். பழைய படங்களில் உள்ள டி நீரோ முகத்தைப் பழக்கிக்கொடுத்து ஒட்டும் முறை அது. சாயல் பளிச்சென்று வரும், ஏனென்றால் ஒட்டப்படுவதே பழைய படத்து முகம். ஆனால் அந்த வீடியோக்களிலும் உதை அதே உதைதான். தலையை மறைத்தால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

தமிழ் ரசிகனுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ரஜினியை முதுகுப் பக்கமாக, தூரத்தில், அரை இருட்டில் நடக்கவிட்டாலும் திரையரங்கில் விசில் பறக்கும். முகம் தேவையே இல்லை. 2024-இல் ‘கோட்’ படத்தில் விஜய்யை இளைஞராக்கியது வயதுக்குறைப்பில் பேர்போன லோலா நிறுவனம். அந்தப் படத்தில் ஒரு வசதி இருந்தது. விஜய்யின் உடம்பு இன்னும் இளைஞன் போலத்தான் ஆடுகிறது, மாற்ற வேண்டியது முகத்தை மட்டுமே. அப்படியும் வாதங்கள் எல்லாம் முகத்தைப் பற்றியே நடந்தன, அது வேறு கதை.

‘ஐரிஷ்மேன்’ மூன்றரை மணி நேரம் ஓடுகிறது. கடைசிப் பகுதியில் ஃபிராங்க் முதியவர், அங்கே வயதைக் குறைக்க எதுவும் இல்லை. பெரியவளாகிவிட்ட பெகியைப் பார்க்க, அவள் வேலை செய்யும் வங்கிக்கு ஊன்றுகோலோடு போகிறான். அவனைப் பார்த்ததும் அவள் கவுன்ட்டரை மூடிவிட்டு எழுந்து போய்விடுகிறாள். அந்தக் காட்சியிலும் கட்டைவிரலால் தலையை மறைத்துப் பார்த்தேன். அப்புறம் விரலை எடுத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டு முறையும் அதே ஆள்தான் நின்றுகொண்டிருந்தான்.